ஒரே வாக்கியத்தில் எழுதிய புகார்

சங்க அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து மனு எழுதிக்கொடுப்பது என் வழக்கம். வேடசந்தூர் பக்கத்து நூல் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒருநாள் ஓய்வு கிடைப்பதே வாரத்தில் அன்றைக்குத்தான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மதியம் ஒரு தங்கச்சி வந்தாள். இருபத்து நாலு வயது இருக்கும். கையில் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள். அதில் புகாரை அவளே எழுதியிருந்தாள். முற்றுப்புள்ளி இல்லாமல் பக்கம் முழுக்க ஓடிய ஒரே வாக்கியம்:

"நைட் ஷிப்ட்ல எங்க காலனி பொண்ணுங்களை மட்டும் கக்கூஸ் கழுவ அனுப்பி அங்க பின்னாடியே வந்து சூப்பர்வைசர் கையைப் பிடிச்சு தப்பா நடந்து நான் தட்டிவிட்டதுக்கு மறுநாள்ல இருந்து ஓடாத சைடா குடுத்து சம்பளத்துல பிடிச்சு அட்வான்ஸ் இருக்கதால நிக்கவும் முடியாம..."

நான் அதைப் படித்துவிட்டு, மனு எழுதிப் பழகிய எவரும் செய்வதைச் செய்தேன். அதை மூன்றாக வெட்டினேன். தொட்டது ஒரு மனு, ஆலையின் உள்ளகப் புகார் குழுவுக்கு. சம்பளம் பிடித்தது ஒரு மனு, தொழிலாளர் துறைக்கு. காலனிப் பெண்களை மட்டும் கழிவறை கழுவ அனுப்பியது ஒரு மனு, காவல் நிலையத்துக்கு. ஒவ்வொன்றும் சுத்தமாக, பத்தி பிரித்து, தேதி போட்டு. அவள் கையெழுத்துப் போடும்போது, "அக்கா, மூணும் ஒண்ணுதானே?" என்று கேட்டாள். "ஒவ்வொரு ஆபீஸுக்கும் அவங்கவங்க விஷயத்தை மட்டும்தான்மா சொல்லணும்" என்றேன். இன்று வரை அந்தப் பதிலை நினைத்தால் மனது வலிக்கிறது. பல ஒடுக்குமுறைகள் ஒன்றில் ஒன்று பின்னிக்கிடப்பதைச் சொல்லும் இன்டர்செக்‌ஷனாலிட்டி என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அவள் அந்தக் கேள்வியிலேயே சொல்லிவிட்டாள். எனக்குத்தான் புரியப் பல வாரம் ஆனது.

முதலில் அவள் வேலையைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ரிங் ஃபிரேம் என்பது பஞ்சுத் திரியை இழுத்து முறுக்கேற்றி நூலாக்கும் இயந்திரம். ஒரு ஃபிரேமின் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான கதிர்கள் வரிசையாகச் சுற்றும். ஒரு பக்கம்தான் 'சைடு'. அதைப் பார்ப்பவர் 'சைடர்'. இழை அறுந்தால் ஓடிப்போய் எடுத்து ஒட்ட வேண்டும், ரோலரில் பஞ்சு சுற்றினால் பிய்த்து எடுக்க வேண்டும். நல்ல சைடு கிடைத்தால் அறுப்பு குறைவு, உட்கார முடியாவிட்டாலும் மூச்சு விடலாம். பழைய ரோலர், தேய்ந்த பாகங்கள் உள்ள சைடு கிடைத்தால் எட்டு மணி நேரமும் ஓட்டம்தான். அப்படி ஓடியும் கழிவு கூடிவிட்டது, உற்பத்தி குறைந்துவிட்டது என்று ஊக்கத்தொகையில் கை வைப்பார்கள். யாருக்கு எந்த சைடு என்று ஷிப்ட் ஆரம்பத்தில் சொல்வது சூப்பர்வைசர். ஒரு ஆளின் மாத வருமானமும் உடம்பு நோவும் அவர் வாயிலிருந்து வரும் ஒரு எண்ணில் இருக்கிறது.

அந்த ஆலையில் கழிவறை சுத்தம் செய்ய ஆள் பகலில் மட்டும் உண்டு. இரவு ஷிப்டில் அடைத்துக்கொண்டாலோ நாறினாலோ, சூப்பர்வைசர் யாரையாவது அனுப்புவார். அந்த 'யாராவது' எப்போதும் யார் என்பதுதான் கதை.

சரி, மூன்று மனுவுக்கும் என்ன ஆனது?

புகார் குழுவில் தொட்டதைப் பற்றி மட்டும் கேட்டார்கள். சாட்சி உண்டா? இல்லை, கழிவறைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். நீ ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாய்? கழுவ அனுப்பினார்கள். "அது வேலைப் பங்கீட்டு விஷயம், இங்கே பேச வேண்டாம்" என்று முடித்தார்கள். தொழிலாளர் துறையில் சம்பளச் சீட்டைப் பார்த்தார்கள். பிடித்தம் விதிப்படி இருக்கிறது, குறைந்த உற்பத்திக்கு ஊக்கத்தொகை குறைந்திருக்கிறது. ஏன் திடீரென்று மோசமான சைடு வந்தது என்பதைச் சொன்னால்தான் அதில் உள்ள பழிவாங்கல் தெரியும். அதை நான்தான் வேறு மனுவில் வைத்துவிட்டேனே. காவல் நிலையத்தில் கேட்டது இரண்டே கேள்வி: "சாதிப் பேரைச் சொல்லித் திட்டினானா? வெளியாள் யாராவது பார்த்தாங்களா?" இல்லை என்றாள். மனு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

பிறகு ஆலையின் நிர்வாக அலுவலரை நானே போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பொம்பளைன்னு பாகுபாடு காட்டினோம்னு சொல்றீங்க. அந்த ஷிப்ட்ல இன்னும் இருபத்தொரு பொண்ணுங்க இருக்காங்க, ஒருத்தரையும் கழுவ அனுப்பினதில்லை. சாதின்னு சொல்றீங்க. அதே காலனி பையன்க நாலு பேர் பேல் தூக்குறாங்க, அவங்களையும் அனுப்பினதில்லை. அப்ப எதைம்மா பாகுபாடுங்கிறீங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பஸ் ஏறி வீடு வரும் வரை அந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டே வந்தேன். அவர் சொன்ன எண்கள் எல்லாம் உண்மை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பதிலும் சரி. சேர்த்துப் பார்த்தால் அதுவே அவருக்கு எதிரான சாட்சி. மற்ற சாதிப் பெண்களையும் அனுப்பவில்லை, அதே சாதி ஆண்களையும் அனுப்பவில்லை என்றால், அந்தச் சாதியின் பெண்களை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

இதே வாதத்தை வைத்து அமெரிக்காவில் ஒரு வழக்கு தோற்றிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு எதிராக ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கு. 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே என்று விதி. 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் எல்லோருக்கும் வேலை போனது. 1976இல் நீதிமன்றம் சொன்னது: பெண்களை எடுத்திருக்கிறார்கள், ஆகவே பால் பாகுபாடு இல்லை, இனப் பாகுபாடு என்றால் அதே நிறுவனத்துக்கு எதிரான இன்னொரு இனப் பாகுபாட்டு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள், இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு பிரிவை உண்டாக்கச் சட்டத்தில் இடமில்லை. அங்கே எடுக்கப்பட்ட பெண்கள் அலுவலக வேலைக்குப் போன வெள்ளைப் பெண்கள். எடுக்கப்பட்ட கறுப்பினத்தவர் தொழிற்கூடத்து ஆண்கள். கறுப்பினப் பெண் இரண்டு கணக்கிலும் இல்லை. இந்த வழக்கை எடுத்து வைத்துக்கொண்டுதான் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் 1989இல் இன்டர்செக்‌ஷனாலிட்டி என்ற கருத்தை எழுதினார். நாற்சந்தியில் நின்றவள்மேல் எந்தப் பக்கத்து வண்டியும் மோதலாம், சில நேரம் எல்லாப் பக்கத்து வண்டியும் மோதலாம். எந்த வண்டி இடித்தது என்று முடிவான பிறகுதான் ஆம்புலன்ஸ் என்றால் அவள் தெருவில் கிடக்க வேண்டியதுதான் என்பது அவர் சொன்ன உவமை.

தமிழில் இதைக் குறுக்குவெட்டு என்றும் ஊடுவெட்டு என்றும் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டிலும் நிறைவில்லை. வெட்டு என்றதும் துண்டு துண்டாகப் பிரிப்பதுதான் மனதில் வருகிறது. ரிங் ஃபிரேமில் நடப்பது இதற்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பஞ்சு இழைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது ஊதினால் பறக்கும். முறுக்கு ஏறியதும் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு கையை அறுக்கும் நூலாகிவிடும். முறுக்கைப் பிரித்து ஒவ்வொரு இழையாகக் காட்டி, "இதுவா உன் கையை அறுத்தது?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். நான் எழுதிய மூன்று மனுவும் அப்படித்தான், பிரித்த இழைகள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை மறுபடி வரச்சொன்னேன். வரும்போது ஒரு மாதக் காலண்டரைச் சுருட்டி எடுத்து வந்தாள். ஏதோ நகைக்கடை கொடுத்தது. கழிவறை கழுவ அனுப்பிய ராத்திரிகளை எல்லாம் நீல மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் யார் போனது என்று முதலெழுத்தும் எழுதி வைத்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. "மறந்துரக் கூடாதுன்னு" என்றாள்.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து எண்ணினோம். மூன்று மாதத்தில் பதினேழு முறை. அந்த ஷிப்டில் மொத்தம் நாற்பத்திரண்டு பேர். மற்ற சாதி ஆண்கள் பன்னிரண்டு பேர், போனது பூஜ்யம். காலனி ஆண்கள் நாலு பேர், பூஜ்யம். மற்ற சாதிப் பெண்கள் இருபத்தொரு பேர், பூஜ்யம். காலனிப் பெண்கள் ஐந்து பேர், பதினேழும் அவர்கள்தான். நிர்வாக அலுவலர் 'பெண்கள்' என்று கூட்டியபோது ஐந்து பேர் இருபத்தாறில் கரைந்தார்கள். 'காலனி ஆட்கள்' என்று கூட்டியபோது ஒன்பதில் கரைந்தார்கள். கட்டங்களைத் தனியாக வரைந்ததும் வெளியே வந்துவிட்டார்கள். இந்தக் கருத்தை எங்காவது பயன்படுத்த விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பதிவேட்டைக் கையில் எடுத்து, மொத்தத்தைப் பார்க்காமல், கட்டத்தை வரைந்து எண்ணுங்கள்.

ஆனால் கட்டம் வரைந்த பிறகும் ஒன்று இடித்தது. ஐந்து பெண்களில் ஒருத்தி முதல் மாதத்தில் மூன்று முறை போயிருக்கிறாள், அதற்கப்புறம் ஒருமுறைகூட இல்லை. அதே காலனி, அதே சாதி, அதே ஷிப்ட். ஏன் என்று கேட்டேன்.

"அவ முடியாதுன்னு சொல்லிட்டாக்கா. அவ அண்ணனுக்கு கவர்மென்ட் வேலை. நின்னாலும் வீட்ல சோறு இருக்கு. எனக்கு அம்மா ஆபரேஷனுக்கு வாங்குன அட்வான்ஸ் இருபதாயிரம் இருக்கு. மாசம் ரெண்டாயிரம் பிடிக்கிறாங்க. முடியும் வரைக்கும் கேட் பாஸ் குடுக்க மாட்டாங்க."

பதினேழில் எட்டு முறை போனவள் இவள்தான். மீதி ஆறு மற்ற மூன்று பேரும் சேர்ந்து. யாரிடம் கடன் அதிகமோ அவள் பெயருக்கு நேரே வட்டம் அதிகம். அப்படியென்றால் எல்லாம் பணம்தான், சாதி எல்லாம் சும்மா என்று சொல்லிவிடலாமா? அதே அட்வான்ஸ் வாங்கிய மற்ற சாதிப் பெண்கள் அந்த ஷிப்டில் இருந்தார்கள். அவர்களும் நிற்க முடியாமல் தவித்தவர்கள்தான், கூடுதல் நேரம் நிற்கச் சொன்னால் மறுக்க முடியாதவர்கள்தான். ஆனால் கழிவறைக்கு அவர்களை அனுப்ப எந்த சூப்பர்வைசருக்கும் தோன்றவில்லை. அனுப்பியிருந்தால் மறுநாள் அவர்கள் ஊரிலிருந்து ஆள் வந்திருக்கும்.

சாதிதான் அவளைக் கழிவறைக்கு அனுப்பியது, பெண் என்பதால்தான் அங்கே அவன் கை வைத்தான், ஏழை என்பதால்தான் மறுநாளும் அவள் வேலைக்கு வந்தாள் என்று ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துச் சொல்லலாம் என்று எனக்கு ஆசையாக இருந்தது. சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை. கழுவ அனுப்பியதில் பெண் என்பதும் இருக்கிறது, காலனி ஆண்களை அனுப்பவில்லையே. அவன் தொட்டதில் சாதியும் இருக்கிறது. மற்ற சாதிப் பெண்கள் இருபத்தொரு பேரும் அவன் கண் முன்னால்தான் நின்றார்கள். காலனிப் பெண்ணைத் தொட்டால் கேட்க ஆள் வராது என்பது அவன் போட்ட கணக்கு. அட்வான்ஸிலும் சாதி இருக்கிறது. அவள் குடும்பத்துக்குக் காணி நிலம் இல்லை, அடகு வைக்க ஒன்றும் இல்லை, அதனால்தான் ஆபரேஷனுக்கு ஆலையிடம் கை நீட்ட வேண்டிவந்தது. சாதி, பால், வர்க்கம் என்று மூன்று மூட்டையைத் தலையில் அடுக்கியதாக இதை நினைப்பவர்கள் உண்டு. ஒரு மூட்டையை இறக்கினால் மூன்றில் ஒரு பங்கு பாரம் குறையும் என்று அந்தக் கணக்கு சொல்லும். இங்கே அட்வான்ஸ் மட்டும் இல்லாதிருந்தால் அந்த இன்னொருத்தியைப் போல இவளும் முடியாது என்று சொல்லியிருப்பாள், அவன் கையும் நீண்டிருக்காது. ஒன்றைத் தொட்டால் எல்லாம் மாறுகிறது.

இது வெள்ளைக்காரர்களின் சொல், நமக்கெதற்கு என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். சொல் வெளியிலிருந்து வந்தது உண்மைதான். விஷயத்தைத் தலித் பெண்கள் இங்கே வெகுநாளாகப் பேசிவருகிறார்கள். தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பு 1995இல் தொடங்கப்பட்டதே, பெண்கள் இயக்கத்திலும் தலித் இயக்கத்திலும் தங்கள் குரல் விடுபடுகிறது என்பதால்தான். பன்வாரி தேவி வழக்கையும் நினைத்துப் பாருங்கள். ராஜஸ்தானில் அரசுத் திட்டத்தில் சொற்ப மதிப்பூதியத்துக்கு வேலை பார்த்தவர், குயவர் சாதிப் பெண். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் அவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மேல்சாதி ஆண்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மேல்சாதிக்காரர்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதும் அங்கே ஒரு காரணமாக வைக்கப்பட்டது. அவருக்கு நடந்ததை முன்வைத்துத்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளைத் தந்தது, அதிலிருந்து 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தால் எத்தனையோ பெண்களுக்கு நன்மை. ஆனால் பன்வாரி தேவியைத் தாக்கியதில் இருந்த சாதி, சட்டமாகும் வழியில் உதிர்ந்துவிட்டது. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைப் பிரிவுகளில் ஒன்றைச் சேர்ந்த ஒரு பெண்ணாவது உறுப்பினராக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆலைக்குள் இருக்கும் உள்ளகக் குழுவுக்கு அப்படி ஒரு நிபந்தனை இல்லை. எங்கள் தங்கச்சி போய் நின்ற குழுவில் காலனிப் பக்கத்திலிருந்து ஒருவரும் இல்லை.

அப்புறம் ஒரு வழக்கறிஞர் அக்கா காலண்டரையும் மூன்று மனுவையும் பார்த்தார். "சட்டங்கள் ஒன்றோடொன்று கோர்க்கிற இடங்கள் இருக்கு, அதைப் பிடி" என்றார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் காவல் நிலையம் கேட்ட சாதிப் பெயரும் வெளியாள் பார்வையும், சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்குத்தான் வேண்டும். பிரிவு 3(1)(டபிள்யூ) வேறு. பட்டியல் சாதிப் பெண் என்று தெரிந்தே, அவள் சம்மதம் இல்லாமல், பாலியல் தன்மையோடு தொட்டால் போதும், வாயைத் திறந்து சாதிப் பெயரைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில் சேர்ந்தது அது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், மறுப்பதானால் அவர்தான் நிரூபிக்க வேண்டும். மூன்று மாதமாக "காலனிப் பொண்ணுங்க போங்க" என்று அனுப்பிய ஆள் தெரியாது என்று எப்படிச் சொல்வார்? காலண்டர் அங்கே சாட்சியானது. அதேபோல 2013 சட்டத்தின் பிரிவு 3, துன்புறுத்தலோடு சேர்ந்து வருகிற வேலை மிரட்டலையும் பாதகமான நடத்தையையும் உள்ளே சேர்க்கிறது. ஆக ஓடாத சைடும் ஊக்கத்தொகை வெட்டும் புகார் குழுவுக்கு வெளியே இருக்கிற விஷயமே இல்லை.

வன்கொடுமைச் சட்டத்தின் அந்த 2016 திருத்தம் எவ்வளவு முக்கியம் என்பது 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்த பட்டான் ஜமால் வலி வழக்கில் தெரிகிறது. ஆந்திராவில் பார்வையற்ற ஒரு பட்டியல் சாதிப் பெண்ணுக்கு நடந்த வன்புணர்வு. சாதி, பால், உடற்குறை மூன்றும் பிரிக்க முடியாமல் சேர்ந்து வேலை செய்வதைத் தீர்ப்பு விரிவாகப் பேசுகிறது, கிரென்ஷாவின் கருத்தையும் எடுத்துக்கொள்கிறது. வன்புணர்வுக்கான ஆயுள் தண்டனையையும் உறுதி செய்தது. ஆனால் சம்பவம் 2016க்கு முந்தையது. அப்போதைய சட்டத்தில் குற்றம் 'சாதியின் காரணமாக' நடந்திருக்க வேண்டும் என்று இருந்தது. சாதி ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தால் போதும் என்று நீதிமன்றமே சொன்னது. அப்படியும் அதற்குத் தனிச் சாட்சியம் பதிவாகவில்லை என்று வன்கொடுமைச் சட்டத் தண்டனை ரத்தானது. கருத்து முழுமையாகப் புரிந்த நீதிபதிகள்கூட, தொடக்கத்தில் புகார் எப்படி எழுதப்பட்டது, விசாரணையில் என்ன கேட்கப்பட்டது என்பதைத் தாண்டிப் போக முடியவில்லை. அதனால்தான் முதல் தாள் அவ்வளவு முக்கியம் என்கிறேன்.

புதிதாக எழுதினோம். இந்த முறை நான் வெட்டவில்லை. அவள் சொன்ன வரிசையிலேயே: யார் யாரை எத்தனை முறை கழுவ அனுப்பினார்கள், அங்கே என்ன நடந்தது, தட்டிவிட்ட மறுநாள் எந்த சைடு, அந்த மாதச் சம்பளத்தில் எவ்வளவு குறைந்தது, ஏன் வேலையை விட முடியவில்லை. காலண்டர் நகலை இணைத்தோம். ஒரே மனுவை மூன்று இடத்துக்கும் கொடுத்தோம், ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டுக்கும் நகல் என்று குறிப்பிட்டு. புகார் குழுவுக்கு மூன்று மாதக் கெடு என்பதால் கடைசியாக நடந்ததிலிருந்து நாள் எண்ணிப் பார்த்து ஓடினோம், ஒன்பது நாள் மிச்சமிருந்தது. முதலில் வெட்டி எழுதி நான் வீணாக்கிய நாட்கள் அந்தக் கணக்கில் இருந்தன.

வன்கொடுமைச் சட்டப் பிரிவு சேர்ந்ததும் விசாரணை டி.எஸ்.பி. நிலைக்குப் போனது, விதிப்படி அதற்குக் கீழே உள்ளவர் விசாரிக்கக் கூடாது. அங்கே வாக்குமூலம் பதிவு செய்த பெண் காவலர் நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டார். மனுவைப் பாதி படித்துவிட்டு நிமிர்ந்து, "ஏம்மா, இது எல்லாம் ஒண்ணா கலந்து கிடக்கே, தனித்தனியா பிரிச்சு எழுதிக்கலாமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "வேண்டாம் மேடம். நடந்தது அப்படித்தான். அப்படியே எழுதுங்க."

எழுதினார். பத்தரை மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். அன்றைக்கு அவளுக்கு மதிய ஷிப்ட், ஆலை வேன் பன்னிரண்டே முக்காலுக்குக் காலனி முக்கில் வரும் என்று வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.